தேதி காலண்டருக்கு, வேலை ரிமைண்டருக்கு

கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டுப் பில்களைக் கட்டும் பொறுப்பைப் பெற்றோர் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். தேர்வு விண்ணப்பங்களும் அதே வயதில்தான் வரிசையாக வந்து நிற்கின்றன. எங்கள் ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்து, இந்த இரண்டு வேலைகளையும் ஊராருக்குச் செய்துகொடுத்தே என் காலம் போனது. கடைசி நாள் இரவு ஓடி வருபவர்களில் பெரும்பாலோர் மறதிக்காரர்கள் அல்லர். அவர்கள் போனில் தேதி ஏற்றப்பட்டிருக்கும், மணியும் அடித்திருக்கும். ஏற்றிய இடம் தவறு, இல்லையென்றால் ஏற்றிய விதம் தவறு. புதிதாக இந்தப் பொறுப்பை எடுக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் கூகுள் காலண்டர், கூகுள் டாஸ்க்ஸ் இரண்டையும் வைத்தே சொல்கிறேன். மற்ற செயலிகளுக்கும் அடிப்படை இதுதான்.

1. முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். காலண்டருக்குத் தெரிந்ததெல்லாம் நேரம் மட்டுமே. குறித்த நேரத்தில் சொல்லும், அத்துடன் அதன் வேலை முடிந்தது. நீங்கள் பணம் கட்டினீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது, அது கேட்கவும் கேட்காது. பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது நோட்டிஃபிகேஷன் வருகிறது, விரலால் தள்ளிவிடுகிறீர்கள், போய்விட்டது. மறுநாள் காலண்டரைத் திறந்தால் அது நேற்றைய கட்டத்தில் கிடக்கும். நேற்றைய கட்டத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ரிமைண்டர் வகைச் செயலியோ ஒரு வேலையை நீங்கள் டிக் செய்யும்வரை பட்டியலில் வைத்திருக்கும். நோட்டிஃபிகேஷனைத் தள்ளிவிட்டாலும் வேலை அங்கேயே இருக்கும். நாள் கடந்தால் கூகுள் டாஸ்க்ஸ் அதைச் சிவப்பெழுத்தில் காட்டும். ஐபோனின் ரிமைண்டர்ஸும் அப்படியே. ஆனால் ஒரு குறையும் உண்டு. டாஸ்க்ஸ் ஒரு வேலைக்கு, நீங்கள் கொடுத்த நேரத்தில்தான் கூப்பிடும், முன்கூட்டியே கூப்பிடாது. காலண்டரில் ஒரே நிகழ்வுக்கு ஐந்து நோட்டிஃபிகேஷன் வரை வைக்கலாம், நான்கு வாரம் முன்னதாகவே தொடங்கலாம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த விஷயத்தில் எனக்கு எது முக்கியம்? செய்து முடித்தேனா என்பதா, முன்கூட்டியே தயாராக வேண்டும் என்பதா? பில் முதல் வகை. கட்டுவதற்கு இரண்டு நிமிடம் போதும், கட்டியாயிற்றா என்பதுதான் பேச்சு. தேர்வு விண்ணப்பம் இரண்டாம் வகை. கடைசி நாளில் நினைவு வந்து பயனில்லை, சாதிச் சான்றிதழும் புகைப்படமும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அதனால் பில்லை ரிமைண்டரிலும் தேர்வைக் காலண்டரிலும் ஏற்றச் சொல்கிறேன். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

2. கெடு தேதியை ரிமைண்டரின் தேதியாகப் போடாதீர்கள். எந்த நாள் கட்டப்போகிறீர்களோ அந்த நாளைப் போடுங்கள். கிரெடிட் கார்டின் கெடு ஒவ்வொரு மாதமும் 18 என்றால், டாஸ்க் 13ஆம் தேதி இருக்கட்டும். தலைப்பில் ‘கார்டு பில், கெடு 18’ என்று எழுதுங்கள். நேரம் காலை 9 மணி வேண்டாம், அப்போது வகுப்பில் இருப்பீர்கள். கையில் போனும் மனதில் நிதானமும் இருக்கும் மாலை 7:30 போன்ற நேரமாகப் பாருங்கள். அன்று சர்வர் வேலை செய்யாவிட்டாலும் கணக்கில் பணம் குறைந்தாலும் இன்னும் ஐந்து நாள் கையில் இருக்கிறது.

கார்டைப் பற்றி இன்னொன்று. கெடு கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆன பிறகுதான் தாமதக் கட்டணம் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி சொல்கிறது. இதைக் கேள்விப்பட்டுக் கெடுவையே மூன்று நாள் தள்ளிக் குறிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டாவிட்டால் வட்டியில்லாச் சலுகை போய்விடும். தாமதக் கட்டணத்தைவிட அந்த வட்டிதான் பெரிதாக வளரும்.

3. கரண்ட் பில்லுக்கு ‘இரண்டு மாதத்துக்கு ஒரு முறை’ என்று நிரந்தரமாக ஒரு தேதி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இதில் சிக்கிக்கொள்பவர்கள் மிக அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். அதாவது கெடு காலண்டரில் நிலையாக நிற்கும் தேதி அன்று, ரீடிங் எடுக்க வருபவரின் பின்னாலேயே நகரும் தேதி. ஒரு வீட்டில் ஜூன் 12 அன்று ரீடிங் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கெடு ஜூலை 2. வீட்டுப் பையன் பொறுப்பாக ஜூலை 2 என்று குறித்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று ரிப்பீட்டும் போட்டுவிட்டான். போன் இனி செப்டம்பர் 2 அன்று கூப்பிடும். அடுத்த ரீடிங்கை ஆகஸ்ட் 8 அன்றே எடுத்துவிட்டார்கள். கெடு ஆகஸ்ட் 28. போன் கூப்பிடும்போது கெடு முடிந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. அதற்குள் ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக்கொண்டு போயிருக்கலாம், அப்புறம் மறு இணைப்புக் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். பையன் எதையும் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைச் சரிசெய்ய வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ரிப்பீட் ஆகும் டாஸ்க் ‘பில் கட்டு’ என்று இருக்கக் கூடாது, ‘ரீடிங் எடுத்தாச்சா, பார்’ என்று இருக்க வேண்டும். உங்கள் பகுதியில் வழக்கமாக ரீடிங் எடுக்கும் மாதத்தில் 10, 20 ஆகிய தேதிகளில் இரண்டு டாஸ்க் போடுங்கள், இரண்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரிப்பீட் ஆகட்டும். மின்வாரியத்திலிருந்து தொகையோடும் கடைசித் தேதியோடும் எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறதா, அட்டையில் எழுதியிருக்கிறார்களா என்று அன்று பாருங்கள். வந்திருந்தால் அந்தத் தேதிக்கு நான்கைந்து நாள் முன்னதாக, ரிப்பீட் இல்லாத ஒரு புது டாஸ்க். அதில் மின் இணைப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள். கட்டும் நேரத்தில் எண்ணைத் தேடி வீட்டுக்குப் போன் போடுவதில்தான் பல பேருடைய பில் மறுநாளைக்குத் தள்ளிப்போகிறது.

4. ரிப்பீட்டில் இன்னொரு குழி, மாதக் கடைசித் தேதி. 31ஆம் தேதியில் ஒரு நிகழ்வைப் போட்டு மாதாமாதம் என்று கொடுத்தால், 31 இல்லாத மாதங்களைக் கூகுள் காலண்டர் சத்தமில்லாமல் தாண்டிவிடும். 30ஆம் தேதிக்கோ முந்தைய நாளுக்கோ தானாக நகர்த்தாது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஐந்திலும் அறிவிப்பே இருக்காது. 30 என்று போட்டால் பிப்ரவரியில் விடுபடும். மாதந்தோறும் வரும் எதையும் 28ஆம் தேதிக்குள் வைத்துவிடுங்கள், தொல்லை தீர்ந்தது. ஏற்றியவுடன் பிப்ரவரி மாதத்தைத் திறந்து, நிகழ்வு அங்கே இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

மாதக் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. பிரீபெய்டு ரீசார்ஜ் 28 நாள் அல்லது 84 நாள் என்று போகிறது. அதை மாதாந்திரமாகப் போட்டால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் பின்தங்கும். `Custom` என்பதில் போய் 28 நாளுக்கு ஒரு முறை என்று கொடுக்கலாம். ஆனால் ஒரு முறை ரீசார்ஜ் செய்ய நான்கு நாள் தாமதமானால் அடுத்த 28 நாள் அந்தத் தாமதமான நாளிலிருந்துதான் தொடங்கும், காலண்டரோ பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். முடித்த நாளிலிருந்து எண்ணும் வசதி சில ரிமைண்டர் செயலிகளில் இருக்கிறது. டூடூயிஸ்ட்டில் கீழே உள்ளதுபோலத் தட்டச்சு செய்தால், டிக் செய்த நாளிலிருந்து 28 நாள் கணக்கிடும். அந்த ஆச்சரியக்குறியை விட்டுவிட்டால் பழைய தேதியிலிருந்துதான் எண்ணும்.

```
every! 28 days
```

5. கட்டி முடித்ததற்கு அடையாளமாகக் காலண்டர் நிகழ்வை அழிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ரிப்பீட் ஆகும் நிகழ்வை அழிக்கப் போனால் `This event`, `This and following events`, `All events` என்று மூன்று கேட்கும். அவசரத்தில் இரண்டாவதையோ மூன்றாவதையோ தொட்டுவிட்டால் இனி வரும் மாதங்கள் எல்லாம் போய்விடும். அடுத்த மாதம் அமைதியாக இருக்கும், அந்த அமைதியை யாரும் சந்தேகப்படுவதில்லை. பில்லை டாஸ்க்காக வைத்திருந்தால் அழிக்க வேண்டிய அவசியமே இல்லை, டிக் போட்டால் போதும், அடுத்தது தானே வரும்.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, மாறாத தேதியில் வருபவற்றைக் காலண்டரிலேயே வைக்கலாம். எல்.ஐ.சி. பிரீமியம் அப்படி. மாதத் தவணைக்கு 15 நாளும் காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்கு 30 நாளும் சலுகைக் காலம் உண்டு. சலுகைக் காலத்தின் கடைசி நாளைக் குறிக்காமல் தவணை நாளையே குறியுங்கள்.

6. இப்போது தேர்வு. விண்ணப்பத்தின் கடைசித் தேதி என்று ஒன்றை மட்டும் குறிப்பது போதாது, அது ஒரு வரிசையின் நடுவில் இருக்கும் தேதி. ஜே.இ.இ. மெயின் 2024இன் முதல் அமர்வை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் 2023 நவம்பர் 1 அன்று திறந்தது. முடிவு நவம்பர் 30, இரவு 9 மணி. கட்டணம் செலுத்த அதே நாள் இரவு 11:50 வரை. ஒரே நாளில் இரண்டு கெடு இருப்பதைப் பாருங்கள். ‘நவம்பர் 30’ என்று மட்டும் எழுதியவர், நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது என்றே நினைப்பார். பத்து மணிக்கு உட்கார்ந்தால் படிவமே ஏற்காது.

எனவே முழுநாள் நிகழ்வாகப் போடாமல், நேரத்தோடு போடுங்கள். ‘விண்ணப்பம் முடிவு, இரவு 9’ என்று ஒரு நிகழ்வு, நவம்பர் 30, 9 மணி. அதற்கு `Add notification` மூலம் ஐந்து அறிவிப்புகள்: மூன்று வாரம் முன், இரண்டு வாரம் முன், ஒரு வாரம் முன், மூன்று நாள் முன், ஒரு நாள் முன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும், அதை நிகழ்வின் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். மூன்று வாரம் முன் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்க. சாதிச் சான்றோ வருமானச் சான்றோ இ-சேவையில் போட்டால் அன்றே கைக்கு வந்துவிடாது. இரண்டு வாரம் முன் புகைப்படமும் கையெழுத்தும் கேட்கப்பட்ட அளவில் தயாராக. ஒரு வாரம் முன் படிவத்தை நிரப்பிக் கட்டணமும் செலுத்திவிட. கடைசி இரண்டும் மீதமிருப்பதைச் சரிபார்க்க மட்டுமே. கட்டணத்துக்குத் தனி நிகழ்வு, அதன் தலைப்பில் ‘11:50’ என்பது கட்டாயம் இருக்கட்டும். நேரம் தலைப்பிலேயே இருந்தால் யாரும் வேறு எதையும் திறந்து பார்க்க வேண்டாம்.

அந்த முறை கடைசித் தேதியை டிசம்பர் 4 வரை நீட்டித்தார்கள், அதன் பிறகு திருத்தம் செய்யவும் சில நாள் கொடுத்தார்கள். இப்படி நீட்டிப்பு வந்தால் பழைய நிகழ்வை அழித்து நகர்த்தாதீர்கள். விண்ணப்பித்து முடித்தவருக்கு நீட்டிப்பு தேவையில்லை, முடிக்காதவருக்குப் பழைய கெடு கண்ணில் உறுத்திக்கொண்டிருப்பதே நல்லது. புதிய தேதியைத் தனி நிகழ்வாகச் சேருங்கள். திருத்தத்துக்கான நாட்களையும் அறிவிப்பு வந்த அன்றே ஏற்றிவிடுங்கள். பிறந்த தேதி தவறாகிப்போனது திருத்தக் காலம் முடிந்த பிறகுதான் கண்ணில் படும் என்பதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன்.

7. தேர்வுத் தேதிக்கு ஆண்டுதோறும் என்று ரிப்பீட் போடவே போடாதீர்கள். தம்பிக்கு அடுத்த ஆண்டு உதவும் என்று நவம்பர் 30ஐ ரிப்பீட்டில் வைத்த அக்கா ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஜே.இ.இ. மெயின் 2025இன் முதல் அமர்வுக்கு விண்ணப்பம் 2024 அக்டோபர் 28 அன்று தொடங்கி நவம்பர் 22 அன்றே முடிந்தது. அக்காவின் நிகழ்வு எட்டு நாள் பிந்தியது. அது மட்டுமல்ல, போனில் ஏதோ ஏற்றியிருக்கிறது என்ற நம்பிக்கையில் அவள் இணையதளத்தைப் பார்க்காமலும் இருந்திருப்பாள்.

அடுத்த ஆண்டுக்கு ரிப்பீட் வேண்டுமானால் ‘அறிவிப்பு வந்ததா, பார்’ என்று ஒரு டாஸ்க் வையுங்கள். சென்ற முறை விண்ணப்பம் திறந்ததற்கு ஆறு வாரம் முன்பிருந்து, வாரத்துக்கு ஒரு முறை. அறிவிப்பு வந்ததும் இந்த டாஸ்க்கை நிறுத்திவிட்டு, உண்மையான தேதிகளைக் காலண்டரில் ஏற்றுங்கள். வாட்ஸப்பில் சுற்றும் படத்திலிருந்து தேதி எடுக்காதீர்கள், தேர்வு நடத்துபவர்களின் அறிவிப்பைத் திறந்து எடுங்கள். பல படங்களில் சென்ற ஆண்டுத் தேதி இருக்கும்.

8. எவ்வளவு சரியாக ஏற்றினாலும் போன் உங்களை எழுப்பாமல் இருக்கலாம். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக ஆண்ட்ராய்டு போன்கள் திறக்காமல் கிடக்கும் செயலிகளைத் தூங்க வைக்கின்றன, சில பிராண்டுகள் இதில் மிகக் கடுமை. புதிதாக நிறுவும் ரிமைண்டர் செயலிகளுக்கு ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷன் அனுமதியை நீங்கள் தர வேண்டும். ஆண்ட்ராய்டு 14இல் குறித்த நிமிடத்தில் எழுப்புவதற்கான `Alarms & reminders` அனுமதியும் பெரும்பாலான புதுச் செயலிகளுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. காலண்டர், அலாரம் செயலிகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய ரிமைண்டர் செயலி அரை மணி நேரம் பிந்திக் கூப்பிடுகிறது, காலண்டரோ நேரத்துக்குக் கூப்பிடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று போதும். இரண்டு நிமிடம் கழித்து அடிக்கும்படி வைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது, அப்போது போன் விழித்திருக்கிறது. இன்று இரவு, நாளைக் காலை 6:40க்கு ஒரு டாஸ்க்கும் 6:45க்கு ஒரு காலண்டர் நிகழ்வும் வையுங்கள். செயலிகளை எல்லாம் மூடி, போனை சார்ஜரில் போடாமல் மேசையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் போனைத் தொடாமல் காத்திருங்கள். எது வந்தது, எப்போது வந்தது என்று பாருங்கள். வராத செயலிக்கு, செட்டிங்ஸில் அதன் பேட்டரிப் பகுதியில் `Unrestricted` கொடுங்கள், `Autostart` என்று உங்கள் போனில் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். பிறகு மறுபடி அதே சோதனை. போன் மாற்றும்போதும், சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பிறகும் இதைச் செய்யுங்கள்.

9. நிகழ்வைச் சேமிக்கும்போது அது எந்தக் கணக்கில் போகிறது என்று பாருங்கள். சில போன்களின் காலண்டரில் போனுக்குள் மட்டும் சேமிக்கும் ஒரு இடம் உண்டு. போன் தொலைந்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ அதில் உள்ளவை அதனுடனேயே போய்விடும். உங்கள் கூகுள் கணக்கின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் புதுப் போனில் நுழைந்ததும் எல்லாம் வந்துவிடும்.

வீட்டில் இரண்டு பேர் பில்லைக் கவனிக்கிறார்கள் என்றால் காலண்டரைப் பகிரலாம். ஆனால் நீங்கள் வைத்த நோட்டிஃபிகேஷன் அம்மாவின் போனில் அடிக்கும் என்று நினைக்காதீர்கள். பகிர்ந்த காலண்டரில் அறிவிப்பு ஒவ்வொருவருக்கும் தனி. அம்மாவின் போனை வாங்கி, அந்தக் காலண்டருக்கு அங்கேயும் அறிவிப்பை அமைத்துக் கொடுங்கள். டாஸ்க்ஸில் உங்கள் பட்டியலை அவரோடு பகிர முடியாது, ஐபோனின் ரிமைண்டர்ஸில் முடியும். யார் கட்டுவது என்பதையும் தலைப்பிலேயே எழுதுங்கள்: ‘கரண்ட் பில், அம்மா கட்டுவது’. இரண்டு பேருக்கும் மணி அடித்து, மற்றவர் கட்டியிருப்பார் என்று இரண்டு பேரும் இருந்துவிடும் வீடுகளும் உண்டு.

10. டிக் போடும் நேரத்தில் கவனமாக இருங்கள். யு.பி.ஐ.யில் பணம் போனதும் டிக் போடாதீர்கள். கணக்கிலிருந்து பணம் கழிந்து, பில் தரப்பில் ‘பெண்டிங்’ என்று நின்று, இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்துவிடுவதும் நடக்கிறது. ரசீது எண்ணோடு எஸ்.எம்.எஸ். வந்த பிறகு, அல்லது பில் தளத்தில் பாக்கி பூஜ்யம் என்று பார்த்த பிறகு டிக் போடுங்கள். அதுவரை அந்த டாஸ்க்கை மறுநாள் மாலைக்கு மாற்றி வையுங்கள். தேர்வுக் கட்டணத்துக்கும் இதுவே. பணம் கழிந்ததற்கான வங்கிச் செய்தி போதாது, கட்டணம் பெறப்பட்டது என்று காட்டும் உறுதிப்படுத்தல் பக்கத்தை இறக்கி வைத்துக்கொண்ட பிறகுதான் அந்த விண்ணப்பம் முடிந்ததாகக் கணக்கு.

உங்கள் வீட்டில் ஆட்டோபே போட்டிருந்தாலும் ஒரு டாஸ்க் இருக்கட்டும். அதன் தலைப்பு ‘கட்டு’ என்று வேண்டாம், ‘நாளை மறுநாள் பணம் எடுப்பார்கள், கணக்கில் இருக்கிறதா?’ என்று இருக்கட்டும்.